ஹாக்கிப் பயிற்சிக்குப் பாதுகாப்புச் சாதனங்கள்: பெற்றோருக்கு உடற்கல்வி ஆசிரியர் எழுதும் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளை இந்தப் பருவத்து ஹாக்கிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஸ்டிக், பந்து, கோல்கீப்பருக்கான முழு செட் எல்லாம் பள்ளியில் இருக்கின்றன. எல்லோரும் வாங்க வேண்டியவை மூன்றுதான்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் ஷின் கார்டு, ஷூ, பல்லுக்கு மேல் போடும் மவுத் கார்டு.

முன்பெல்லாம் இந்த மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். எல்லோரும் வாங்கியும் வருவார்கள். முதல் நாள் மைதானத்தில் பார்த்தால் ஒருவருக்கு ஷின் கார்டு முட்டியில் இடிக்கும், இன்னொருவருக்கு ஷூவுக்குள் கால் நுழையாது, மவுத் கார்டு பாக்கெட் பிரிக்காமல் பையிலேயே கிடக்கும். பொருந்தாததைப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் கழற்றிக் கம்பத்தோரம் வைத்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில்தான் பந்து வரும்.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கிரிக்கெட் பந்தும் ஏறக்குறைய அதே எடைதான், சுற்றளவும் கிட்டத்தட்ட அதே. அங்கே மட்டை பிடிப்பவர் காலில் கனமான பேட் கட்டிக்கொண்டு நிற்கிறார். இங்கே அதே எடையுள்ள பந்து தரையோடு தரையாக வருகிறது, சுற்றிலும் ஸ்டிக்குகள் வேறு. விதிப் புத்தகம் கோல்கீப்பர் தவிர்த்த மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஷின், கணுக்கால், வாய்ப் பாதுகாப்பைப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நம் பயிற்சியில் அவை கட்டாயம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும்தான், ஸ்டிக் கைக்கு வராது.

கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் பயிற்சிக்குப் பத்து நாளாவது இருக்கும்போது தொடங்கினால் நல்லது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

## 1. கடைக்குப் போகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் முழுதாகப் படும்படி வையுங்கள். பாதமும் காலும் சேரும் முன்பக்க மடிப்பிலிருந்து முட்டிச் சில்லின் கீழ் விளிம்பு வரை தையல் டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளந்து, வித்தியாசம் இருந்தால் சின்ன அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதை வைத்து வாங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் கால் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் சின்னது, நடுத்தரம், பெரியது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்டிமீட்டர் மாறாது.

அடுத்து வாயைப் பாருங்கள். ஆடும் பல் இருக்கிறதா, புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும் பல் இருக்கிறதா, பல்லில் கிளிப் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் மவுத் கார்டு வாங்கும் முன் பல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அந்தச் சந்திப்புக்கு நாள் கிடைப்பதற்காகத்தான் பத்து நாள் என்றேன்.

மூன்றாவது, கண்ணாடி. பிள்ளை கண்ணாடி அணிபவரானால் 5-வது பகுதியையும் இப்போதே படித்துவிடுங்கள். அதுவும் ஒரே நாளில் முடிகிற வேலை கிடையாது.

## 2. ஷின் கார்டு: முதலில் வாங்க வேண்டியது

ஷூவுக்கு முன்னால் இதை வாங்குங்கள். ஷூவின் அளவை ஷின் கார்டுதான் தீர்மானிக்கும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேரே எலும்புதான், நடுவில் சதையே இல்லை. பின்பக்க ஆடுசதையில் பட்டால் வலித்து அடங்கிவிடும். முன்பக்கம் பட்டால் அடி எலும்பில்தான் இறங்கும். அதனால் ஷின் கார்டில் இரண்டு அடுக்கு இருக்க வேண்டும்: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெத்தென்ற ஃபோம். ஓடு அடியைப் பரப்பிவிடும், ஃபோம் அதை வாங்கிக்கொள்ளும். துணிக்குள் ஃபோம் மட்டும் வைத்துத் தைத்த உறை போன்றவை இந்தப் பந்துக்குப் போதாது.

நீளம் எவ்வளவு? சென்ற வருஷம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கைச் சொல்கிறேன். கால் மடிப்பிலிருந்து முட்டிச் சில்லின் கீழ் விளிம்பு வரை 33 சென்டிமீட்டர். முட்டிக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இடைவெளி வேண்டும், அதற்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் கழித்தால் 29 அல்லது 30. அவளுக்கு வேண்டியது அந்த நீளத்துக்கு மேற்படாத கார்டு. வீட்டில் 'வளருகிற பிள்ளைதானே' என்று 34 சென்டிமீட்டர் வாங்கியிருந்தார்கள்.

ஹாக்கியில் ஆடுபவர் பாதி நேரம் குனிந்தே இருப்பார். முட்டி மடங்கும்போதெல்லாம் அந்த நீளக் கார்டின் மேல் விளிம்பு சில்லில் போய் இடித்தது. இடிக்காமல் இருக்க அவள் அதைக் கீழே இழுத்துவிட்டாள். கீழ் விளிம்பு பாத மடிப்பில் உரசித் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் கார்டு வரவே இல்லை. கேட்டால், 'வீட்டில் மறந்துவிட்டேன் சார்' என்றாள். பிள்ளைகள் மறப்பதில்லை என்பது இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று. உறுத்துகிறது என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

சின்னதாக இருந்தாலும் ஆபத்துதான். பந்து பெரும்பாலும் தரையோடு வருவதால் கணுக்காலை ஒட்டிய கீழ்ப்பகுதிதான் அதிகம் அடி வாங்கும். கால்பந்துக்கு விற்கும் குட்டைக் கார்டுகள் சில நடு எலும்பை மட்டும் மூடி, அந்தப் பகுதியை விட்டுவிடும். அண்ணனோ அக்காவோ கால்பந்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கும் முன் பிள்ளையின் காலில் வைத்துப் பாருங்கள். கணுக்காலின் இருபுறமும் மேடாகத் தெரியும் எலும்பை மூடும் மெத்தை சேர்ந்தே வரும் கார்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது இது. கார்டைக் கட்டிக்கொண்டு பிள்ளை முழுதாகக் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும், அப்புறம் நான்கு எட்டு ஓட வேண்டும். முட்டியில் இடிக்கக் கூடாது, பாத மடிப்பில் குத்தக் கூடாது, சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போகக் கூடாது. ஓட்டின் வளைவு காலோடு ஒட்டி உட்கார வேண்டும். கார்டுக்கும் காலுக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தால் அது வேறு ஒருவரின் காலுக்குச் செய்தது.

கார்டுக்கு மேல் போட முழங்கால் வரை வரும் நீளமான சாக்ஸ் இரண்டு ஜோடியும் அப்போதே வாங்கிவிடுங்கள். தோலில் உரசினால் சிவந்து போகும் பிள்ளைகளுக்குக் கார்டுக்கு அடியில் போட மெல்லிய பருத்தி சாக்ஸ் ஒன்றும் வேண்டும்.

## 3. ஷூ: கார்டையும் சாக்ஸையும் போட்டுக்கொண்டு வாங்குவது

கடைக்குப் போகும்போது ஷின் கார்டையும் இரண்டு சாக்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்காலிலோ பள்ளி சாக்ஸிலோ போட்டுப் பார்த்து வாங்கிய ஷூ, கணுக்கால் மெத்தையும் தடித்த சாக்ஸும் சேர்ந்ததும் பிடிக்கும். சாயங்காலம் போவது இன்னும் நல்லது. பகலெல்லாம் நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், பயிற்சியிலும் அப்படித்தான் இருக்கப் போகிறது.

எழுந்து நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் திரும்பும்போது பாதம் ஷூவுக்குள் வழுக்கும், கணுக்கால் மடங்கும்.

அடிப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பது தரையைப் பொறுத்தது. செயற்கைப் புல்தரைக்கு அடியில் நெருக்கமாகச் சிறு ரப்பர் முனைகள் உள்ள ஷூ. மண் அல்லது புல் மைதானத்துக்குக் கொஞ்சம் நீளமான ரப்பர் ஸ்டட் உள்ளது. எந்தத் தரையானாலும் உலோக முனை கூடாது, மற்ற பிள்ளைகளின் காலைக் கிழித்துவிடும். ஓடுவதற்கென்றே விற்கும் மெத்தென்ற ஷூ வேண்டாம். அதில் குதிகால் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் சட்டென்று திரும்பும்போது கால் புரளும். மேல்பாகம் வலைத்துணியாக இருந்தால் விரலுக்குப் பாதுகாப்பும் கிடையாது.

## 4. மவுத் கார்டு: வீட்டில் வார்த்து எடுப்பது

அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

மவுத் கார்டு மேல்பல் வரிசைக்கு மேல் போடும் ரப்பர் போன்ற உறை. மூன்று வகை உண்டு. அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்வது ஒன்று. கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும், வாயைத் திறந்தால் விழுந்துவிடும், வேண்டாம். பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து கொடுப்பது இன்னொன்று. மிகச் சரியாகப் பொருந்துவது அதுதான், செலவும் அதற்கே அதிகம். நடுவில் இருப்பது வெந்நீரில் போட்டு மென்மையாக்கி, கடித்துப் பல்லின் வடிவத்துக்குக் கொண்டுவருவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும், சரியாக வார்த்தால்.

பல்லில் கிளிப் இருந்தால் இதை வார்க்காதீர்கள். மென்மையான பொருள் கிளிப்பின் கம்பிக்குள் போய் இறுகிக்கொள்ளும். கழற்றும்போது கிளிப்பும் சேர்ந்து வரலாம். தவிர, பல் நகர நகர அச்சு பொருந்தாமல் போகும். கிளிப் போட்டவர்களுக்கென்று வார்க்கத் தேவையில்லாத தனி வகை இருக்கிறது, எது சரி என்று கிளிப் போட்ட மருத்துவரையே கேளுங்கள். ஆடும் பால் பல் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் வார்க்க வேண்டும்.

வெந்நீருக்கு முன்னால் ஒத்திகை. கார்டை அப்படியே வாயில் வைத்துக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். பின்முனைகள் கடைசிப் பல்லையும் தாண்டித் தொண்டைப் பக்கம் போனால் குமட்டும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, கடைவாய்ப் பற்களும் மூடியே இருக்க வேண்டும். அப்புறம் சூடில்லாமலேயே இரண்டு மூன்று தரம் பழகிக்கொள்ளட்டும்: உள்ளே வைப்பது, நடுக்கோட்டை மூக்கின் நேருக்குக் கொண்டுவருவது, கடிப்பது, உறிஞ்சுவது. சூடாக்கிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

எடுத்து வைக்க வேண்டியவை. கொதித்த நீர் ஊற்ற அகலமான பாத்திரம், குளிர்ந்த நீர் உள்ள கிண்ணம், ஓட்டைக் கரண்டி, விநாடி காட்டும் கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி. வெந்நீர் வேலை முழுக்கப் பெரியவர்களுடையது. பிள்ளை பல் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வார்ப்பது. நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தில் ஊற்றுங்கள். கார்டைக் கரண்டியில் வைத்து, பாக்கெட்டில் எத்தனை விநாடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை விநாடி மட்டும் முக்குங்கள். ஒவ்வொரு வகைக்கும் அது வேறு, நான் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். குறைவாக முக்கினால் பல் பதியாது. அதிகமானால் சுவர்கள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுப்பு எரிய எரிய அதே பாத்திரத்தில் போடாதீர்கள், அடியில் பட்டு உருகிவிடும்.

வெளியே எடுத்து, நீர் சொட்டி முடிந்ததும், குளிர்ந்த நீரில் கண நேரம் நனைத்து எடுங்கள். மேற்பரப்புச் சூடு குறைந்து ஈறு சுடாது, உள்ளே மென்மை அப்படியே இருக்கும். உங்கள் உதட்டின் உட்புறத்தில் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் வாயில் வையுங்கள்.

இப்போது பிள்ளை செய்ய வேண்டியது: மேல்பல்லில் ஏற்றி, நடுவைச் சரிசெய்து, மெதுவாக ஒரே தரம் கடிக்க வேண்டும். பல்லைக் கடித்து நெரிக்கக் கூடாது. அப்புறம் பானத்தை உறிஞ்சுவது போல் பலமாக உறிஞ்ச வேண்டும். உள்பக்கத்தை நாக்கால் அண்ணத்தோடு சேர்த்து அழுத்த, அதே நேரம் உதட்டுக்கும் கன்னத்துக்கும் மேலாக நீங்கள் விரல்களால் பற்களின் வெளிப்பக்கத்தை அழுத்திக் கொடுங்கள். ஏறக்குறைய அரை நிமிஷம், அல்லது பாக்கெட் சொல்லும் நேரம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போட்டு ஒரு நிமிஷம் விடுங்கள், வடிவம் நிலைத்துவிடும்.

சரியாக வந்ததா என்று பார்ப்பது. கார்டைப் போட்டுக்கொண்டு பிள்ளை வாயைத் திறந்து தலையைக் குனிய வேண்டும். கார்டு விழாமல் பல்லோடு நின்றால் சரி. அடுத்து, தன் பெயரையும் 'இந்தப் பக்கம் பாஸ்' என்றும் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்சம் குழறும், ஆனால் உங்களுக்குப் புரிய வேண்டும். கடைசியாக, உள்ளே ஒவ்வொரு பல்லின் குழியும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

மேலே சொன்ன அதே மாணவிக்கு முதல் தரம் கார்டு விழுந்துகொண்டே இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். கடித்த பக்கத்தில் குழிகள் ஆழமாக இருந்தன, ஓரங்களில் முன்பக்கச் சுவர் பல்லை விட்டு வாய் பிளந்து நின்றது. நன்றாகக் கடித்திருக்கிறாள், ஆனால் உறிஞ்சவுமில்லை, யாரும் வெளியிலிருந்து அழுத்தவுமில்லை. கடிப்பதால் அடிப்பாகம்தான் பதியும், கார்டைப் பிடித்து நிறுத்துவது பக்கச் சுவர்கள். இரண்டாம் தரம் முக்கியபோது நேரம் அதிகமாகி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் அந்தக் கார்டு தாங்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கி, கடித்தபின் முழு அரை நிமிஷமும் அம்மா கன்னத்தை அழுத்திப் பிடிக்க, ஒரே தரத்தில் வந்துவிட்டது. பருவம் முடியும் வரை அதே கார்டுதான்.

எத்தனை தரம் மறுபடி வார்க்கலாம் என்பதையும் பாக்கெட்டில் பாருங்கள். ஒவ்வொரு தரமும் கடிக்கும் இடம் மெலிந்துகொண்டே போகும், அடியைத் தாங்க வேண்டியதும் அந்த இடம்தான். வீணாகிவிட்டால் வருத்தப்படாமல் சொல்லி அனுப்புங்கள், வகுப்பு முடிந்ததும் வந்தால் சேர்ந்தே வார்க்கலாம்.

## 5. கண்ணாடி, கையுறை, முகக்கவசம்

சாதாரணக் கண்ணாடியோடு ஆட விடமாட்டேன். ஸ்டிக் பட்டால் சட்டத்தின் மூக்குப் பகுதியும் கீலும் முகத்தில் குத்தும், கண்ணாடிச் சில்லாக இருந்தால் இன்னும் மோசம். பாலிகார்பனேட் லென்ஸும், தலையைச் சுற்றிப் பட்டையும், உலோகம் இல்லாத மெத்தென்ற சட்டமும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி வேண்டும். பவரோடு செய்து வரச் சில நாள் ஆகும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளையானால் எனக்கு எழுதி அனுப்புங்கள், புழுதி விழுந்து கண் உறுத்தும்போது என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

கையுறை கட்டாயமில்லை. வாங்குவதானால் இடது கைக்கு வாங்குங்கள். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைத் தடுக்கும்போது இடது கையின் விரல் முட்டிகள்தான் தரையில் உரசும். செயற்கைப் புல்தரையில் அது நன்றாகவே தோலை உரிக்கும்.

முகக்கவசம் பெனால்டி கார்னரில் தடுக்க ஓடுபவர்களுக்கு மட்டும். அது பள்ளியிலேயே இருக்கிறது, வாங்க வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு அடிவயிற்றுக் கார்டு மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அது ஒருவர் போட்டதை இன்னொருவர் போடும் சாமான் இல்லை.

## 6. கோல்கீப்பராக நிற்க ஆசைப்படுபவருக்கு

கோல்கீப்பரின் ஹெல்மெட், தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, பேட், கிக்கர், கையுறைகள் எல்லாம் பள்ளியின் செட். நீங்களாக எதையும் வாங்காதீர்கள். ஒரு பருவம் நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. மவுத் கார்டும் அடிவயிற்றுக் கார்டும், உள்ளே போட வியர்வை உறிஞ்சும் முழுக்கைச் சட்டையும் வீட்டிலிருந்து வந்தால் போதும்.

அணியும் வரிசையைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்: அடிவயிறு, பாதத்தில் கிக்கர், காலில் பேட், அப்புறம் மார்பு, தொண்டை, ஹெல்மெட், கடைசியாகக் கையுறை. ஹெல்மெட்டை முதலில் போட்டுக்கொண்டவரால் குனிந்து கிக்கர் வாரைப் பார்க்க முடியாது. கையுறையை முதலில் போட்டவரால் எந்த வாரையும் மாட்ட முடியாது. இந்த இரண்டும் வாரத்துக்கு ஒரு தரமாவது நடக்கும்.

## 7. முதல் பயிற்சிக்கு முன் வீட்டில் மூன்று நாள்

புதுச் சாதனத்தை முதன்முதலாக மைதானத்தில் போடக் கூடாது. உறுத்தலும் ஆட்டமும் சேர்ந்து வந்தால் பிள்ளை ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பார், உறுத்துவது கழற்றப்படும்.

முதல் நாள் ஷின் கார்டும் ஷூவும் அரை மணி நேரம், வீட்டுக்குள் நடமாடினால் போதும். கழற்றியதும் காலைப் பாருங்கள். லேசான சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் ஒரே இடத்தில் கோடாக நின்றால் அங்கே விளிம்பு குத்துகிறது, மெல்லிய சாக்ஸ் போட்டும் சரியாகாவிட்டால் கார்டை மாற்றுங்கள். அதனால் பில்லையும் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டாம் நாள் மவுத் கார்டு. வீட்டுப்பாடம் எழுதும்போது கால் மணி நேரம் போட்டிருக்கட்டும். எச்சில் அதிகம் ஊறும், சிலருக்குக் குமட்டும். மூக்கால் நிதானமாக மூச்சு விடப் பழகினால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பின்முனையை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் ஓடி, குனிந்து, திரும்பிப் பார்க்க வேண்டும்.

## 8. பயிற்சி நாளில்

கம்மல், செயின், வளையல், வாட்ச், கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும். மைதானத்தில் கழற்றினால் தொலையும், தேடுவதிலேயே பாதி நேரம் போகும். நீளமான முடியைத் துணி ரப்பரால் கட்ட வேண்டும், உலோக கிளிப் வேண்டாம்.

அணியும் வரிசை: மெல்லிய சாக்ஸ், ஷின் கார்டு, அதன் மேல் நீளமான சாக்ஸ், ஷூ. நீளமான சாக்ஸைக் கார்டுக்கு அடியில் போட்டால் கார்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, ஓட ஓடச் சுற்றிக்கொள்ளும். மவுத் கார்டு கடைசியில், மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்.

நான் ஒவ்வொருவரையும் பார்ப்பேன். சாக்ஸ் மேல் கையால் தட்டினால் ஓட்டின் சத்தம் கேட்க வேண்டும், சிரிக்கச் சொன்னால் மவுத் கார்டு தெரிய வேண்டும். சிலர் கார்டை ஓரமாகத் தள்ளி மென்றுகொண்டிருப்பார்கள். அது தொண்டையில் அடைக்கக்கூடிய ஆபத்து, கார்டையும் நாசமாக்கும்.

## 9. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தபின்

மவுத் கார்டைக் குளிர்ந்த நீரில் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். வெந்நீர் பட்டால் நீங்கள் பாடுபட்டு வார்த்த வடிவம் போய்விடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டாலும் அப்படித்தான். ஒருவருடையதை இன்னொருவர், அண்ணன் தம்பியே ஆனாலும், போடக் கூடாது.

ஷின் கார்டைப் பையிலேயே மூடிவைத்தால் நாற்றம் மட்டும் வராது, பூஞ்சையும் வரும். எடுத்துத் துடைத்து நிழலில் காயப்போடுங்கள். வாரம் ஒரு தரம் அதன் கெட்டியான வெளி ஓட்டை இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அடுத்த அடியில் அந்த முனை காலைக் கிழிக்கும்.

மவுத் கார்டில் கடித்துக் கிழிந்த இடமோ, வெளிச்சம் தெரியும் அளவு மெலிந்த இடமோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். பல் விழுந்து முளைக்கும் வயதில் ஒரு பருவத்துக்குள்ளேயே தளர்ந்துவிடும். அதனால் மாதம் ஒரு தரம் அந்த வாயைத் திறந்து குனியும் சோதனையைச் செய்து பாருங்கள். காலையும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அளந்துகொள்ளுங்கள்.

## 10. பல்லில் அடிபட்டால்

மவுத் கார்டு போட்டிருந்தாலும் அடி விழவே விழாது என்று யாரும் சொல்ல முடியாது. நிலையான பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வாயில் தெரியும் பகுதியைப் பிடித்து மட்டுமே எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது, பல் திரும்ப ஒட்டுவதற்கு வேண்டிய உயிருள்ள படலம் அங்கேதான் இருக்கிறது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குளிர்ந்த நீரிலோ சில விநாடி அலசி, பிள்ளை ஒத்துழைத்தால் அதே குழியில் வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்கப் பார்க்க வேண்டும். தாமதமாக ஆக, பல் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வெறும் தண்ணீரிலோ காகிதத்தில் மடித்தோ கொண்டு போனால் அந்தப் படலம் செத்துவிடும்.

பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே முளைத்துவரும் பல்லைக் கெடுத்துவிடும். உங்கள் பிள்ளைக்கு முன்பற்களில் எது பால் பல், எது நிலையான பல் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் பதற்றத்தில் மறந்துவிடும்.

ஆகவே இணைத்திருக்கும் தாளில் ஐந்தை மட்டும் எழுதி, முதல் பயிற்சிக்கு முந்தைய நாள் அனுப்பிவையுங்கள்: கால் அளவு, வாங்கிய ஷின் கார்டின் நீளம், இன்னும் விழாத பால் பற்கள், கிளிப் அல்லது லென்ஸ் இருக்கிறதா, உடனே எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். மவுத் கார்டைத் தாளோடு அனுப்ப வேண்டாம், பிள்ளையின் வாயிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்